பொருள்: சிங்கப்பூரிலிருந்து வந்த என் சேமிப்புப் பணத்தை நிறுத்தி வைத்திருப்பது குறித்த புகார்

பெறுநர்:
முதன்மை நோடல் அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, தலைமை அலுவலகம், மும்பை.
நகல்: மேலாளர், மன்னார்குடி கிளை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் உங்கள் மன்னார்குடி கிளையின் பழைய வாடிக்கையாளர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன். அங்கே இருந்த என் கணக்கிலிருந்து இங்கே உங்களிடம் இருக்கும் என் கணக்குக்கு 3,00,000 சிங்கப்பூர் டாலர் அனுப்பினேன். நம் பணத்தில் கிட்டத்தட்ட இரண்டு கோடி. அனுப்பியவனும் நான், வாங்குபவனும் நான். அந்தப் பணம் உங்கள் வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் கணக்குக்கு மட்டும் இன்னும் வரவில்லை. கிளையில் கேட்டால் திருச்சி அந்நியச் செலாவணி மேசை என்கிறார்கள், திருச்சியில் கேட்டால் மும்பை என்கிறார்கள், மும்பைக்கு போன் போட்டால் "உங்க ஹோம் பிராஞ்சைத் தொடர்பு கொள்ளுங்க சார்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். அலைந்து அலைந்து ஓய்ந்துபோய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெரிய தொகை வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பது உங்கள் கடமை. பணமோசடித் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள் இருக்கின்றன. அதில் எனக்குக் குறை இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்ன பிறகும் அதைப் படிக்க ஆளில்லாமல் இருக்கிறதே, குறை அங்கேதான்.

இரண்டு கோடி எப்படி வந்தது என்பதை இதுவரை பலரிடம் வாயாலும் தாளாலும் சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொல்கிறேன், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எனக்கு அங்கே நிரந்தரவாசம் இருந்தது. அந்த நாட்டு வீட்டு வாரியமான ஹெச்டிபியின் மூன்று அறை வீடு ஒன்றை ரீசேலில் வாங்கியிருந்தேன். ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவு செய்ததும் அதை 3,20,000 டாலருக்கு விற்றேன். அதில் 30,000 மிச்சமிருந்த கடனுக்குப் போயிற்று. சிபிஎஃப் என்பது நம் ஊர் பி.எஃப். மாதிரி அந்த நாட்டு வருங்கால வைப்பு நிதி. வீடு வாங்க என் சிபிஎஃப் சேமிப்பிலிருந்து எடுத்ததை, அது அங்கேயே கிடந்திருந்தால் சேர்ந்திருக்கும் வட்டியோடு, மறுபடி சிபிஎஃபிலேயே கட்ட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அந்த வகையில் 2,30,000 நேராக சிபிஎஃபுக்குப் போயிற்று. தரகர், வக்கீல் செலவு 8,000. கையில் வந்தது 52,000. சிபிஎஃபில் ஏற்கெனவே 40,000 இருந்தது, ஆக அங்கே 2,70,000. நிரந்தரவாசத்தை ஒப்படைத்துவிட்டு நாட்டைவிட்டே போகிறவர்களுக்கு சிபிஎஃப் முழுத் தொகையும் தருவார்கள். தந்தார்கள். இரண்டும் சேர்த்து 3,22,000. அங்கே வேலை பார்க்கும் மகளுக்கு 22,000 விட்டுவிட்டு மீதியை அனுப்பினேன். இவ்வளவுதான் கணக்கு.

இதில் உங்கள் திருச்சி ஆட்கள் பிடித்துக்கொண்ட இடம் எது தெரியுமா? சிபிஎஃப் ஸ்டேட்மென்டில் ஒரே நாளில் 2,30,000 வரவு ஆகியிருக்கிறதாம், அது "விளக்கப்படாத பெரிய வரவு" என்று கேள்வி எழுதினார்கள். அந்தத் தேதியையும் வீட்டு விற்பனை முடிந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. வக்கீல் கொடுத்த கணக்குத்தாளில் அதே தொகை, "சிபிஎஃப் போர்டுக்கு" என்று போட்டே இருக்கிறது. அந்தத் தாளையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை போனபோது அதே கேள்வி. வீடு 3,20,000க்கு விற்றிருக்கிறீர்களே, கையில் 52,000தானே வந்திருக்கிறது, மீதி எங்கே என்று இன்னொரு கேள்வி. ஐயா, முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் ஒரே பதில்தான். ஒன்றில் காணாமல் போனதாகச் சொல்லும் பணம்தான் மற்றதில் புதிதாக முளைத்ததாகச் சொல்லும் பணம்.

திருச்சி என்றதும் அந்த அதிகாரியின் ஞாபகம் வந்து ரத்தம் கொதிக்கிறது. மன்னார்குடியில் காலை முதல் பஸ் பிடித்து, தஞ்சாவூரில் மாறி, மூட்டு வலியோடு போய்ச் சேர்ந்தேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஃபைலைப் புரட்டியபடியே, முகத்தைப் பார்க்காமல், "வெல்டர் வேலைக்கு இரண்டு கோடியா? என்ன வெல்டிங் சார் அது?" என்றார். பக்கத்து மேசைப் பெண் சிரித்தது. என் வயசுக்கு அந்தப் பையன் என் மருமகனைவிடச் சின்னவன். அந்த ஊர் வெயிலில் கப்பல் வயிற்றுக்குள் குனிந்து உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டது எனக்குத் தெரியும். அவருக்கு எங்கே தெரியும்? பிறகு கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16ம் கேட்டார். ஓய்வு பெற்றவனிடம் சம்பளச் சீட்டு. சிங்கப்பூரில் வேலை பார்த்தவனிடம் இந்திய முதலாளி கொடுக்கும் ஃபார்ம் 16. அந்த நாட்டு வரித்துறையின் வரி மதிப்பீட்டு நோட்டீஸ் வருஷ வாரியாக ஃபைலில் இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் எங்க லிஸ்ட்ல இல்ல" என்றார். போதாததற்கு ஏ2 பாரம் நிரப்பி வரச் சொன்னார். ஏ2 இந்தியாவிலிருந்து வெளியே பணம் அனுப்புகிறவர் நிரப்பும் பாரம். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரம்பும் வெளியே போகும் பணத்துக்குத்தான். என் பணம் உள்ளே வருகிறது. அந்நியச் செலாவணி மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுத்தில் வேண்டும்.

இத்தனைக்கும் மூல காரணம் உங்கள் கிளையிலேயே இருக்கிறது. நான் ஊர் திரும்பியதும் விதிப்படி என்ஆர்ஈ கணக்கை சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்ற எழுதிக் கொடுத்தேன். அப்போது கேஒய்சி பாரத்தை நிரப்பிய உங்கள் எழுத்தர், "என்ன சார், இனி விவசாயம்தானே" என்று கேட்டுவிட்டு, தொழில் விவசாயம், ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் என்று தானே டிக் அடித்தார். இரண்டு லட்சம் வருமானக்காரன் கணக்கில் இரண்டு கோடி வந்தால் உங்கள் கம்ப்யூட்டர் சிவப்பு விளக்கு போடாமல் என்ன செய்யும்? இதை எனக்குச் சொன்னதே உங்கள் கிளையில் இருக்கும் ஒரு நல்ல மனுஷர்தான். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், பாவம் மாற்றல் போட்டுவிடுவீர்கள். இரண்டாவது, பெயர். ஆதாரிலும் உங்கள் பாஸ்புக்கிலும் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து பின்னால் வருகிறது, சிங்கப்பூர் வங்கியிலும் அப்படியே. ஆகவே வேறு யாரோ மூன்றாம் மனிதர் எனக்கு அனுப்பியதாக மும்பை நினைத்துவிட்டது. தமிழ்நாட்டில் வங்கி நடத்துகிறவர்களுக்கு இனிஷியல் புதுசா? இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரமாணப் பத்திரம் உங்கள் ஃபைலில் தூங்குகிறது.

நோக்கக் குறியீட்டுக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளையில் முதலில் P1301 போட்டார்கள், குடும்பச் செலவு, சேமிப்புக்கானது. மூன்றாம் ஆள் பணம் என்று மும்பை திருப்பியதும், P1302 போட்டு அன்பளிப்பு என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு நானே அன்பளிப்பா? நாளைக்கு வருமான வரிக்காரன் கொடுத்தவன் யார் என்று கேட்டால் கண்ணாடியைக் காட்டுவதா? போடவில்லை, போடவும் மாட்டேன். வெளிநாட்டில் குடியிருந்தபோது சம்பாதித்ததை ஊர் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா 6(4) இடம் கொடுக்கிறது. நான் வைத்துக்கொள்ளக்கூட இல்லை, நாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆவணம் வரவில்லை, அதனால் நிற்கிறது என்று உங்கள் கஸ்டமர் கேர் சொல்கிறது. சிங்கப்பூர் வங்கியில் மகளை விட்டு விசாரித்தேன். அவர்கள் திரையில் ACSP/G003 என்று காட்டுகிறதாம், பணம் உங்களிடம் வந்துவிட்டது, வாங்குபவரின் ஆவணத்துக்காகக் காத்திருக்கிறது என்று பொருளாம். நான் கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் கிளை முத்திரை போட்ட நகல் என் கையில் இருக்கிறது. அப்படியானால் திருச்சிக்கும் மும்பைக்கும் நடுவில் அதைத் தின்றது யார்?

இதனால் என் வாழ்க்கையே நாசமாகிவிட்டது. அண்ணன் வயலை ஒட்டிய ஆறு மா நஞ்சைக்கு அட்வான்ஸ் கொடுத்து, மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் கிரயம் முடிப்பதாகப் பேசியிருந்தேன். தண்ணீரும் வந்தது, கெடுவும் தாண்டியது, இப்போது நிலத்துக்காரர் வேறு ஆளுக்குப் பேசிவிட்டார். அந்த மாதிரித் தலைமடை நிலம் இந்த ஜென்மத்தில் இனிக் கிடைக்காது. வீடு லின்டல் மட்டத்தில் நிற்கிறது, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஏழு சதவீத வட்டி என்று வைத்தாலும் இரண்டு கோடிக்கு நாளொன்றுக்கு 3,800 ரூபாய் போகிறது. என் இரத்த அழுத்தத்துக்கு என்ன கணக்கு? ஐம்பது லட்சமாவது எனக்கு நஷ்டம், கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை.

தங்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். ஃபைலைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரை, பெயரோடும் நேரடி எண்ணோடும், எனக்குக் காட்டுங்கள். இன்னும் ஏதாவது தாள் வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள், தவணை முறையில் கேட்காதீர்கள். என் கேஒய்சி விவரத்தைத் திருத்துங்கள். பணத்தை வரவு வையுங்கள், வந்த நாளிலிருந்து வட்டியோடு. திருப்பி அனுப்பிவிடுவோம் என்று திருச்சியில் மிரட்டினார்கள். அப்படிச் செய்தால் இரண்டு பக்கக் கமிஷனும் மாற்று விகித நஷ்டமும் உங்கள் தலையில்தான்.

இந்தக் கடிதம் கிடைத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பழைய பல்லவியே பதிலாக வந்தால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் புகார் பதிவேன். திருவாரூர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன், வக்கீலிடம் பேசிவிட்டேன். அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கும் ஆசையில்லை. பல வருஷமாக ஒவ்வொரு மாசமும் சம்பளத்தை உங்கள் வங்கிக்குத்தான் அனுப்பினேன், அப்போதெல்லாம் வெல்டர் பணம் உங்களுக்குக் கசக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் மன்னார்குடி கிளை வாடிக்கையாளர்
(பெயர், கணக்கு எண் இணைத்துள்ள பாஸ்புக் நகலில்)

பி.கு.: வீட்டு விற்பனைக் கணக்குத்தாளின் அசலை "ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன்" என்று திருச்சி அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். அது இன்னும் திரும்பி வரவில்லை. பணத்துக்கு முன்னால் அதையாவது கொரியரில் அனுப்பி வைக்கவும்.