எங்களுக்கு மெஷின் வேண்டாம், பரண் வேண்டும்

ராமநாதபுரம் மாவட்ட மகளிர் திட்ட அலுவலர்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கத்து மீனவ கிராமம் ஒன்றில் மகளிர் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். இந்த வருடத் தொழில் கடனுக்கு என்ன தொழில் எழுதலாம் என்று குழுக்களில் பேச்சு நடக்கிறது. மீன் ஊறுகாய், பாக்கெட் போடும் மெஷின் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நான் கேட்பது நெத்திலிக் கருவாடு காயவைக்கப் பரண்.

எங்கள் கரையில் நெத்திலியை மணலில்தான் கொட்டிப் பரப்புவோம். அடியில் ஈரமணல் என்பதால் மேல்பக்கம் காய்ந்தாலும் வயிற்றுப்பக்கம் காயாது. இரண்டு நாள் புரட்டிப் போட வேண்டும். அதற்குள் ஈ மொய்க்கும், நாயும் காக்கையும் மிதிக்கும். வியாபாரி ஒரு கை அள்ளி உதறிப் பார்த்துவிட்டு, மண்ணுக்கென்று எடையில் கழிப்பார். அதோடு விலையிலும் குறைப்பார்.

போன மாசியில் ஐந்து பேர் சேர்ந்து சொந்தக் காசில் மூன்று பரண் கட்டினோம். சவுக்குக் கழி நட்டு, இடுப்பு உயரத்தில், பத்தடி நீளம் நாலடி அகலத்துக்கு நைலான் வலையை இழுத்துக் கட்டியதுதான் ஒரு பரண். பதினைந்து கிலோ பச்சை மீன் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அதில் பரவும். அதற்கு மேல் போட்டால் அடியில் இருப்பது அவிந்துவிடும். மூடுவலை, இரண்டு தொட்டி, தராசு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிந்தது.

விடிகாலையில் நாட்டுப்படகு வந்ததும் ஏலத்தில் 40 கிலோ எடுத்தோம். கிலோ 40 ரூபாய். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, பத்து லிட்டருக்கு ஒரு கிலோ தூளுப்பு கரைத்த நீரில் கால்மணி நேரம் போட்டு, வடியவிட்டுப் பரப்பினோம். கீழேயிருந்தும் காற்று ஏறுவதால் அன்று சாயங்காலமே காய்ந்துவிட்டது.

காய்ந்ததா என்று கண்டுபிடிக்க எங்கள் அக்கா ஒருவர் ஒரு வழி காட்டினார். ஒரு மீனை ஆறவைத்து வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்துப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் உள்ளே வேர்த்தால் அதை மறுபடியும் பரணுக்கு ஏற்ற வேண்டும். முதல் தடவை சூட்டோடு கட்டியதில் நாலு கிலோ பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. இப்போது நிழலில் முழுக்க ஆறிய பிறகுதான் கவரில் போடுகிறோம்.

40 கிலோ பச்சை மீனுக்குப் பத்து கிலோ கருவாடு கிடைத்தது. மணல் சரக்காக வியாபாரியிடம் போட்டிருந்தால் கிலோ 220 வீதம் 2,200 ரூபாய். மீன் விலை போக 600தான் மிஞ்சும். சுத்தமான சரக்கைக் கால்கிலோ கவராகக் கட்டி, ராமநாதபுரத்தில் வீடுகளுக்கும் கடைக்கும் கிலோ 340க்குக் கொடுத்தோம். மீன், உப்பு, கவர், பஸ் செலவு எல்லாம் போக 1,400 மிஞ்சியது. ஆளுக்கு 280 ரூபாய். பெரிய பணம் இல்லை, ஆனால் அதே மீனில் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஈக்குப் பயந்து கருவாட்டின் மேல் பூச்சிமருந்து அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சாப்பிடும் பொருளில் விஷம் அது. உப்புநீரும் மூடுவலையும் போதும் என்பதைப் பயிற்சி வகுப்பில் நீங்களே அழுத்திச் சொல்ல வேண்டும்.

இனி எங்கள் கோரிக்கை. பரண் போட ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் அளவு மேட்டு நிலத்தைக் குழுவின் பெயரில் ஒதுக்கிக் கொடுங்கள். இப்போது நாங்கள் போட்டிருப்பது ஒருவர் தயவில் கிடைத்த இடம். எப்போது எடுக்கச் சொல்வார்களோ தெரியாது.

அடுத்தது கடன் தவணை. மாதாமாதம் ஒரே தொகை என்பது எங்களுக்குச் சரிவராது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, கருவாடு காயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். வெயில் நன்றாக இருந்தும், நாட்டுப்படகு மீனுக்கு எல்லோரும் போட்டி போடுவதால் விலை ஏறி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இந்த ஐந்து மாதமும் வட்டி மட்டும் வாங்கிக்கொண்டு, அசலை மற்ற மாதங்களில் கூட்டி வாங்கும்படி வங்கியிடம் பேசுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத் தவணைக்கு நாங்கள் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

தை பிறந்ததும் ஒருநாள் விடிகாலை ஆறு மணிக்கு எங்கள் கரைக்கு வாருங்கள். மணலில் ஒரு கூடையும் பரணில் ஒரு கூடையும் காயப்போட்டு வைக்கிறோம். சாயங்காலம் இரண்டையும் நீங்களே ஒடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகளிர் குழுவின் ஊக்குநர்