வாலட்டில் போட்ட பணம் வங்கிக்குத் திரும்ப...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன், விசைப்படகில் கிடைத்த பங்குப் பணத்தில் 9,000 ரூபாயை என் தம்பி ரீசார்ஜ் கடையில் கொடுத்து செல்பேசி வாலட்டில் போட்டான். கையில் இருந்தால் கரைந்துவிடும் என்ற எண்ணம்தான். ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அதை வங்கிக் கணக்குக்கு மாற்றப் பார்த்தால், 'கேஒய்சி முடிக்கவும்', அதாவது அடையாளச் சரிபார்ப்பை முடிக்கவும் என்று நின்றுவிட்டது. எனக்கு அனுப்பவும் முடியவில்லை. பணம் போய்விட்டது என்றே இரண்டு நாள் தூங்காமல் இருந்தான்.

பணம் எங்கும் போகவில்லை. செல்பேசி எண்ணும் ஓர் அடையாள எண்ணும் மட்டும் கொடுத்துத் திறந்த சிறிய வாலட் அது. ரிசர்வ் வங்கி விதிப்படி அதில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது, எந்த நேரத்திலும் இருப்பு 10,000-ஐத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தில் பொருள் வாங்கலாம், பில் கட்டலாம். ஆனால் இன்னொருவருக்கு அனுப்பவோ ரொக்கமாக எடுக்கவோ வழியில்லை. ரொக்கம் போடும் வகை என்றால் 24 மாதத்துக்குள் முழு கேஒய்சி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் புதிதாகப் பணம் போட முடியாது, இருப்பதைச் செலவு செய்யலாம்.

வாலட்டையே மூடிவிட்டால் என்ன என்று கேட்டான். மூடலாம், எப்போது வேண்டுமானாலும். வங்கிக் கணக்கிலிருந்து போட்ட பணம் என்றால் வந்த கணக்குக்கே திரும்பிவிடும். இவன் போட்டதோ ரொக்கம். திரும்பிப் போக ஒரு கணக்கு இல்லை. அதனால் மூடினாலும் கேஒய்சி முடித்த பிறகுதான் வங்கிக்குப் போகும். கடையில் ரொக்கமாகக் கொடுக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரி, கேஒய்சி முடிக்கலாம் என்று போனால் விரல்ரேகை விழவில்லை. கயிறு இழுத்து இழுத்து அவன் விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டன. பாறையில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் இதே பாடுதான், துணி சுற்றிய விரல்களோடு வந்து நிற்கிறார்கள். கடைசியில் பான் கார்டும் ஆதாருமாக வீடியோ அழைப்பில் முடித்தோம். வீட்டில் டவர் கிடைக்காததால் ராமநாதபுரம் போக வேண்டியிருந்தது. அப்புறம் இருப்பு வரம்பு 2 லட்சமாக உயர்ந்தது, தன் கணக்கைப் பதிந்து 9,000-ஐயும் அனுப்பினான். அனுப்பும் கட்டணம் எவ்வளவு என்று திரையில் முன்பே காட்டியது. அதைப் பார்த்துவிட்டு அழுத்துவது நல்லது.

இன்னொன்று. அந்த இரண்டு நாளில் 'கேஒய்சி முடித்துத் தருகிறோம்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பதறியிருப்பவர்கள் அந்த எண்ணை அழைத்துவிடுவார்கள். செயலிக்குள் இருக்கும் கேஒய்சி பகுதியை மட்டுமே பயன்படுத்துங்கள்.

வாலட் கொடுக்கும்போதே விதிமுறைகளை எளிய மொழியில், முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே கூறியிருக்கிறது. 'கேஒய்சி முடிக்காமல் இந்தப் பணம் வங்கிக்குத் திரும்பாது' என்ற ஒரு வரியைத் தமிழில் எழுதி, ரொக்கம் வாங்கும் ஒவ்வொரு கடையிலும் ஒட்ட வாலட் நிறுவனங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த தடைக்காலத்துக்கு முன் இது நடக்க வேண்டும்.

- ஒரு வாசகி, தங்கச்சிமடம்