நாலரை மணிக்கு விழித்திருக்கும் மகனுக்கு

அன்புள்ள குமரா,

வாட்ஸாப்பில் நீ கடைசியாக வந்த நேரம் அதிகாலை 4.12 என்று காட்டுகிறது. நேற்றும் ஏறக்குறைய அதே நேரம்தான். கேட்டால் ஆபீஸ் வேலை என்பாய். போன மாதம் ஜவுளிக்கடையில் லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடி படியேறி வந்து, முகம் வெளிறி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அதைப் பார்த்த பிறகு நான் அதை நம்பத் தயாராக இல்லை. எனக்கும் இந்தப் பதற்றம் வந்ததுதான். உன்னிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தது. நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், இதோ போய்விடுவேன் என்று தோன்றும். அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன், அப்புறம் என் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். பெரியாஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இதை முதலில் செய்ததுதான் முறை. நெஞ்சுவலியைப் பதற்றம் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. நீயும் ஒரு தடவை காட்டிவிடு.

அங்கே சுவரில் 14416 என்று ஒட்டியிருந்தார்கள். டெலி மானஸ் என்ற மனநல ஹெல்ப்லைன் அது, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. நம் மாநிலத்தில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று பெயர். காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு பதினைந்து நாள் சும்மா இருந்தேன். இரண்டு தடவை போட்டு, ரிங் போனதும் வைத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து போட்டேன். முதலில் எந்த மொழி என்று பதிவுசெய்த குரல் கேட்டது. எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஒரு பெண் எடுத்து, “வணக்கம், சொல்லுங்கம்மா” என்றாள். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? “ஒண்ணுமில்லம்மா, நம்பர் வேலை செய்யுதான்னு பாத்தேன்.” அவள் சிரிக்கவில்லை. “வேலை செய்யுதும்மா. நீங்க எப்படி இருக்கீங்க?” என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சே இல்லை.

அப்புறம் பேர், வயது, ஊர் கேட்டாள். உண்மைப் பேரைச் சொல்லத்தான் வேண்டும் என்று இல்லை, நான் உன் பாட்டி பேரைச் சொன்னேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, இருந்தால் வெளியே வரட்டும் என்றுதான் கேட்கிறார்கள். உன்னைக் கேட்டால் கோபப்படாமல் உள்ளதைச் சொல்.

நான் கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பித்துப் பெரிய கதையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் மெதுவாக நிறுத்தி, “கடைசியா எப்ப வந்துச்சு? அந்த ஒரு ராத்திரியை மட்டும் சொல்லுங்க” என்றாள். அங்கேதான் விஷயம் இருக்கிறது, குமரா. ஒரு ராத்திரியை மணி பார்த்துச் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது, படபடப்பு பத்து நிமிஷத்தில் உச்சிக்கு ஏறி, அரை மணிக்குள் தானாக இறங்கியிருக்கிறது. மீதி இரண்டு மணி நேரமும் அடுத்தது வருமோ என்று நான் காவல் காத்தது. நாடியைப் பிடித்துப் பார்ப்பதுதான் காவலை நீட்டிக்கிறது என்றாள் அவள். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொன்னாள், போனிலேயே கூட எண்ணினாள். இருபது நிமிஷம் பேசியிருப்போம். குறையவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம் என்றும் சொன்னாள்.

இதில் ஒரு கோளாறும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரத்தில் நாலு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுத்தார்கள், முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் நான் கேட்டது ஒரே கேள்விதான்: “எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” ஆகாது என்றதும் நிம்மதியாக இருக்கும், மறுநாள் இருட்டியதும் அந்த நிம்மதி தீர்ந்துவிடும். சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போலத்தான். ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்கிறாய் என்றால், ஹெல்ப்லைனை விட்டுவிட்டு டாக்டரிடமோ குழுவுக்கோ போகும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

குழு என்றால் என்ன என்பதை உன் நியூஜெர்சி சித்திதான் எனக்குச் சொன்னாள். ஆமாம், அவளுக்கும் உண்டு. நம் வீட்டில் இது பரம்பரைச் சொத்து போல. அவள் போவது ரிக்கவரி இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் கூட்டம். ஆபிரகாம் லோ என்ற மருத்துவர் 1937-இல் சிகாகோவில் தொடங்கியது. இப்போது போனிலும் கணினியிலும்கூட நடத்துகிறார்கள். நடத்துகிறவர் டாக்டர் இல்லை, இதே தொல்லையோடு வந்து, பழகி, பயிற்சி எடுத்தவர்.

முதல் நாள் சித்தி வாயே திறக்கவில்லையாம். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஊர் பேர் யாரும் கேட்பதில்லை. பேசுவதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வாரம் சித்தி சொன்னது இது. சூப்பர் மார்க்கெட் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருந்தவர் கூப்பன்களை எண்ணிக்கொண்டிருந்தார். அது நடந்த சம்பவம். அடுத்து, உடம்பிலும் மனதிலும் வந்தது: கால் நடுங்கியது, கூடையைப் போட்டுவிட்டு ஓடத் தோன்றியது. மூன்றாவது, என்ன செய்தாள் என்பது: ‘இது சங்கடம்தான், ஆபத்து இல்லை’ என்று தனக்குச் சொல்லிக்கொண்டு கூடையைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில், குழுவுக்கு வருவதற்கு முன்பாக இருந்தால் என்ன செய்திருப்பாள்: கூடையை விட்டுவிட்டு வெளியே ஓடி, ஒரு மாதம் கடைப் பக்கமே போயிருக்க மாட்டாள். அவ்வளவுதான், ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நின்றதற்காகத் தன்னைத் தானே ஒரு வார்த்தை பாராட்டிக்கொள்ள வேண்டுமாம். சித்திக்கு அதுதான் வெட்கமாக இருந்ததாம். பிறகு மற்றவர்கள், அந்த இடத்தில் தங்களுக்குப் பயன்பட்ட வாக்கியத்தைச் சொல்வார்கள். “நான் உங்க இடத்துல இருந்தா” என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. நம் சொந்தக்காரர்களை அங்கே ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும்.

எல்லாக் குழுவும் இப்படி இருக்காது. மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னாலோ, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னாலோ எழுந்து வந்துவிடு. யார் கஷ்டம் பெரிது என்று போட்டி நடந்தாலும் அப்படியே. குழுவில் நோய்க்குப் பேர் வைக்க மாட்டார்கள், மருந்து தர மாட்டார்கள். அதற்கு டாக்டர்தான்.

நீ முதலில் சொல்ல வேண்டியது அந்த ஜவுளிக்கடை லிஃப்டைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவு திறந்தது, உள்ளே ஆறு பேர், நீ காலை வைத்துவிட்டுப் பின்வாங்கினாய். அதை மட்டும் சொல். அம்மா பேச்சு, ஆபீஸ், கடன் எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

சித்தி போகும் போன் கூட்டம் அங்கே மாலை ஏழு மணிக்கு. இந்த மாதம் நமக்கு அது அதிகாலை நாலரை. நீ எப்படியும் விழித்துத்தான் இருக்கிறாய். எப்படிச் சேருவது என்று அவளிடம் கேட்டுக்கொள், நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன். கோபப்படாதே.

அம்மா