ஜி.எஸ்.டி. உட்பட 73,600: அல்சூர் கிளை நடத்தும் உணவக நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அல்சூர் மார்க்கெட் அருகே எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் நீங்கள் நடத்திவரும் 800 சதுர அடிக் கடையின் ஒப்பந்தம் வரும் நவம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க நீங்கள் அனுப்பிய வரைவு சென்ற வாரம் கிடைத்தது. பதினோரு மாதம், மாத வாடகை 73,600 ரூபாய், "அனைத்து வரிகளும் உட்பட" என்று அதில் இருக்கிறது. நான் ஆகஸ்ட் மாதம் எழுதிக் கேட்டது ஐந்து ஆண்டுப் பதிவு ஒப்பந்தமும் 88,000 ரூபாய் வாடகையும். அதற்குப் பதில் என்று ஒரு வரிகூட இல்லை. இந்த வரைவுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். தொலைபேசியில் பேசினால் "ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறோம்" என்பதோடு முடிந்துவிடுவதால், உங்கள் எல்லாக் கிளைக்காரர்களும் படிக்கும்படி இப்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த "உட்பட". 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத உரிமையாளரின் வணிகக் கட்டடத்தில் பதிவு பெற்ற வியாபாரி வாடகைக்கு இருந்தால், வாடகை மீதான 18 சதவீத வரியை வாடகைதாரரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். என் ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் நான் பதிவு செய்யவில்லை, செய்யத் தேவையுமில்லை. உங்களுடையது சாப்பாட்டுக்கு 5 சதவீதம் வசூலிக்கும் உணவகம். அதனால் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்க முடியாது. அது கைவிட்டுப் போகும் செலவு. இந்தச் சுமை உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் அதை "உட்பட" என்ற ஒரே சொல்லில் என் பக்கம் தள்ளிவிட்டீர்களே, அதன் கணக்கைப் பாருங்கள். 73,600-ஐ 1.18-ஆல் வகுத்தால் 62,373 ரூபாய். மீதி 11,227 வரிக்குப் போய்விடும். 2020 டிசம்பரில், கொரோனா அடங்காத நேரத்தில், கடைகள் பூட்டிக் கிடந்தபோது நாம் பேசி முடித்த வாடகை 64,000. அதாவது ஐந்து வருடம் கழித்து வாடகையை 1,627 ரூபாய் குறைத்துக் கேட்கிறீர்கள். வாடகையைக் குறைக்கச் சொல்லி நேராகக் கேட்டிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

இனி 88,000 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பழைய ஒப்பந்தத்தில் முதல் மூன்று ஆண்டுக்கு உயர்வே கிடையாது. 2023 டிசம்பரில் ஒரே தடவையாக 15 சதவீதம் ஏறி 73,600 ஆனது. மூன்று ஆண்டுக்கு 15 என்பதும் ஆண்டுக்கு 5 என்பதும் ஒன்றுதானே என்று உங்கள் மேலாளர் சொன்னார். ஒன்றல்ல. ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறியிருந்தால் இரண்டாம் ஆண்டில் 67,200, மூன்றாம் ஆண்டில் 70,560 வந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் மட்டும் உங்களிடம் மிஞ்சியது 1,17,120 ரூபாய். கொரோனா காலத்தில் தெரிந்தே ஒப்புக்கொண்டதால் அதை இப்போது திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அதே கணக்கில் ஆறாம் ஆண்டு வாடகை 81,682 ஆகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நான் கேட்பதற்கும் இதற்கும் இடைவெளி 6,318 ரூபாய்தான். இதே வரிசையில் இந்த ஆண்டு கைமாறிய இரண்டு தரைத்தளக் கடைகள் சதுர அடிக்கு 115-க்கும் 120-க்கும் போயிருக்கின்றன. நான் கேட்பது 110.

அந்த 6,318-இல் பெரும்பகுதி உங்கள் சமையலறைக் கழிவுநீர்க் குழாய்க்குள் இருக்கிறது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் கழிவுநீர்ச் சேம்பர் மூடியை ஒருநாள் காலையில் வந்து திறந்து பாருங்கள். மேலே வெள்ளையாக, குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரி ஒரு அடை கட்டியிருக்கும். குச்சியால் குத்தினால் கூழாக உடையாது; சோப்புக்கட்டி போலத் துண்டு துண்டாகப் பெயரும். அது உண்மையிலேயே ஒருவகைச் சோப்புதான். பாத்திரம் கழுவும் சுடுநீரில் எண்ணெயும் நெய்யும் உருகி ஓடுகின்றன; பத்தடி தாண்டியதும் நீர் ஆறுகிறது, கொழுப்பு குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதோடு சேர்ந்து இறுகுகிறது. தேங்காய்ச் சட்னியின் திப்பியும் மாவுத் தண்ணீரும் அதற்கு நாரும் பசையும் ஆகின்றன. ஜூலையில் வெட்டி எடுத்த 110 மில்லிமீட்டர் பைப் துண்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருந்தது. அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். பத்திரம் பேச வரும்போது உங்கள் கணக்காளரையும் அழைத்து வாருங்கள், அவரும் பார்க்கட்டும்.

"கிரீஸ் டிராப் வைத்திருக்கிறோமே" என்பீர்கள். வைத்திருக்கிறீர்கள்: கழுவிய நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்க, சிங்குக்கு அடியில் 25 லிட்டர் எஃகுப் பெட்டி. மதியக் கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவும் மூன்று மணி நேரத்தில் சுமார் 1,500 லிட்டர் தண்ணீர் போகிறது, மணிக்கு 500 லிட்டர். 25 லிட்டர் பெட்டியில் அந்தத் தண்ணீர் தங்குவது மூன்றே நிமிடம். சூடு ஆறி, எண்ணெய் மேலே மிதந்து பிரிய அரை மணி நேரமாவது தங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தொட்டியில் 250 லிட்டர் நீர் நிற்க வேண்டும். மேலே மிதப்பதற்கும் அடியில் படிவதற்கும் இடம் விட்டால் 300 லிட்டர், இரண்டு அறை, கட்டடத்துக்கு வெளியே. எண்ணெய் அடையும் அடிச் சேறும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால் பங்கைத் தொட்டதும் அள்ளிவிட வேண்டும். உங்கள் வியாபாரத்துக்கு வாரம் இரண்டு முறை வரும். இப்போதுள்ள பெட்டியை மாதம் ஒருமுறை திறக்கிறார்கள், அதுவும் நாற்றம் தாங்காமல்.

விளைவு என்ன? சேம்பர்தான் தாழ்ந்த இடம் என்பதால் அடைத்ததும் தண்ணீர் அங்கேதான் பொங்கும். மாடியில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களும் அதைத் தாண்டித்தான் படியேற வேண்டும், பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள் உட்பட. அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், நான் உங்களிடம் கேட்கிறேன், நீங்கள் ஹெட் ஆபீஸைக் கேட்கிறீர்கள். இந்த ஆண்டில் நான்கு முறை, தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டி வந்துபோனது, ஒருமுறைக்கு 5,500 ரூபாய், நான்கும் என் செலவு. வண்டி எதற்கு, ஆளை இறக்கி அள்ளச் சொல்லுங்கள் என்று உங்கள் ஆள் ஒருவர் யோசனை சொன்னார். அப்படி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த யோசனையை எழுத்தில் தந்தால் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

இதைச் சரிசெய்ய 42 அடிக்குப் பழைய பைப்பை எடுத்துவிட்டு 160 மில்லிமீட்டர் பைப், புது சேம்பர், வெளியே 300 லிட்டர் டிராப் ஆகியவற்றுக்கு 1,90,000 ரூபாய் மதிப்பீடு வந்திருக்கிறது. அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,167. ஜெட்டிங் செலவு மாதத்துக்கு 1,833. இரண்டும் சேர்ந்து 5,000. மீதி 1,318 ரூபாய்க்குக் காரணம் குடிநீர்க் கட்டணமும் வரியும். 2014-க்குப் பிறகு முதல்முறையாக இந்த ஏப்ரலில் தண்ணீர்க் கட்டணம் ஏறியது. அதே மாதம் முதல் சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் சேர்ந்தது. செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. வரி ஐந்தில் ஒன்றாகும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த நகரத்தில் சாக்கடைக்கும் வரி உண்டு, சாக்கடை ஓடாததற்கும் வரி உண்டு. சரி, அது உங்களிடம் தீர்க்க வேண்டிய வழக்கு அல்ல. அந்த 1,318-ஐ உட்கார்ந்து பேசலாம்.

இன்னொன்றையும் திறந்தே சொல்கிறேன். டிராப்பையும் பைப்பையும் உங்கள் செலவில் போட்டு, வாரம் இருமுறை சுத்தம் செய்து, ஜெட்டிங் செலவையும் ஏற்பதாகப் பத்திரத்தில் எழுதினால், வாடகை 83,000 போதும். பின்னே ஆண்டுக்கு 5 சதவீதம். ஜி.எஸ்.டி. தனி, அது உங்களுடையது. பழைய அட்வான்ஸ் 6,40,000 அப்படியே இருக்கட்டும், புது வாடகைக்குப் பத்து மாதம் என்று கணக்குப் போட்டு மேலே கேட்கமாட்டேன்.

பதினோரு மாதப் பத்திரம் மட்டும் வேண்டாம். பதிவுச் செலவு மிச்சம் என்று நினைக்கிறீர்கள். புகைபோக்கி, கிரானைட், குளிர்பதன அறை என்று இவ்வளவு போட்ட பிறகு, பன்னிரண்டாம் மாதம் நான் காலி செய்யச் சொன்னால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? கர்நாடக வாடகைச் சட்டம் 1999, வணிக இடம் 14 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் பொருந்தாது. உங்கள் கடை 74 சதுர மீட்டர். ஐந்தாண்டு என்று எழுதிப் பதியாமல் விட்டாலும் பயனில்லை. அதிலுள்ள நிபந்தனைகளை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. மாத வாடகைதான் என்றாகி, பதினைந்து நாள் நோட்டீஸில் முடிந்துவிடும். பதிவு பெற்ற ஐந்தாண்டுப் பத்திரம் இருவருக்கும் காப்பு. முத்திரைத் தாள், பதிவுக் கட்டணத்தில் பாதி என்னுடையது.

ஒரு சிறு எச்சரிக்கை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பர் 5 அன்று உங்கள் கணக்குப் பிரிவு வழக்கம்போல வருமான வரிக்கான டி.டி.எஸ். 10 சதவீதம் பிடித்து 66,240 ரூபாயை அனுப்பிவிடும். அதை வாடகையாக ஏற்றுக்கொண்டால், பழைய ஒப்பந்தம் மாதாமாதம் தொடர்கிறது என்று நீங்கள் வாதாடலாம். ஆகவே அப்படி வரும் பணத்தை, இடத்தைப் பயன்படுத்தியதற்கான தொகையாக, என் உரிமைகளுக்குக் குந்தகமில்லாமல் மட்டுமே பெற்றுக்கொள்வேன். அதற்கான கடிதமும் தயார்.

கூட்டம் குறைவு, வியாபாரம் மந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்திராநகர் கிளையின் திறப்பு விழா அழைப்பிதழும் அதே உறையில்தான் வந்தது. வாழ்த்துகள்.

கேட்பது இதுதான்: 88,000 ரூபாய், அல்லது குழாய் வேலையை நீங்களே செய்தால் 83,000, ஜி.எஸ்.டி. தனி, ஐந்தாண்டுப் பதிவு. நவம்பர் 10-ஆம் தேதிக்குள், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரை அனுப்பிவையுங்கள். காலை ஏழு மணிக்கு வந்தால் நல்லது, சேம்பரைத் திறந்து காட்ட வசதியாக இருக்கும். காப்பி உங்கள் கடையிலிருந்தே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
கட்டட உரிமையாளர்
அல்சூர், பெங்களூரு
2025 அக்டோபர்