மூலிகைத் தலை எண்ணெயின் விற்பனைப் பக்கத்தைத் திருத்தக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் என் அக்காவுக்காக மூலிகைத் தலை எண்ணெய் வாங்கினேன். அக்காவுக்கு எள் ஒத்துக்கொள்ளாது, பட்டாலே தோல் தடித்துவிடும். அதனால் வாங்கும் முன் விவரங்களை முழுவதும் படித்தேன். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம் என்று மூலிகைகளின் படம் இருந்தது. அவற்றை எந்த எண்ணெயில் காய்ச்சினீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. பாட்டில் வந்ததும் லேபிளைப் பார்த்தால், முதல் பெயரே நல்லெண்ணெய்!

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருட்களை லேபிளில் அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள், சரி. ஆனால் இணையத்தில் வாங்குகிறவர் பணம் கட்டும் முன் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க முடியாது. அந்தப் பட்டியல் அப்படியே பக்கத்திலும் வர வேண்டும்.

லேபிளின் கடைசியில் டீ ட்ரீ எண்ணெயும் இருக்கிறது. அது சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியது. நீங்களோ "முழுக்க இயற்கை, பக்கவிளைவே இல்லை" என்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: "முதல் முறை பயன்படுத்தும் முன் முழங்கையின் உள்பக்கம் சில துளிகள் தடவி, 48 மணி நேரம் கவனியுங்கள். சிவந்தாலோ, அரித்தாலோ, தடித்தாலோ கழுவிவிடுங்கள், தலையில் தேய்க்காதீர்கள்." ஒவ்வாமைத் தடிப்பு பல நேரம் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். தடவிய அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்றால் போதாது. எள் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தச் சோதனையும் செய்யக் கூடாது என்று தனியாக எழுதுங்கள்.

அப்புறம், "வழுக்கையில் முடி முளைக்கும், பொடுகு அடியோடு ஒழியும்" என்ற வாசகம். வழுக்கையைக் குணமாக்குவதாக மருந்துகளே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எப்படிச் சொல்லலாம்? பொடுகு விஷயம் இன்னும் மோசம். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சை, தலையிலுள்ள கொழுப்பை உண்டு வாழ்கிறது. பொடுகு உள்ளவர் உங்கள் குறிப்பை நம்பி இரவு முழுவதும் எண்ணெயை ஊறவிட்டால் சிலருக்குப் பொடுகு அதிகமாகவே செய்யும். "முடிக்கு வழவழப்பு தரும், வறட்சியைக் குறைக்கும்" என்று எழுதுங்கள், அது உண்மை. ஒரு மணி நேரம் வைத்திருந்து அலசலாம், புண்ணோ பொடுகோ இருந்தால் தோல் மருத்துவரிடம் கேட்ட பிறகு பயன்படுத்தலாம் என்று பயன்பாட்டுக் குறிப்பையும் மாற்றுங்கள்.

உங்கள் சேவைப் பிரிவில் கேட்டபோது, திறக்காத பாட்டிலையும் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். விற்கும்போது மறைத்த பொருளால்தான் அது எங்களுக்குப் பயன்படாமல் போனது. முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். பக்கத்தையும் 15 நாளுக்குள் திருத்துங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். பக்கத்தின் படமும் லேபிளின் படமும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்