காவேரிப்பட்டணம் வீட்டை இடிப்பதற்கு முன் ஒரு கணக்கு

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மின்சாரம் மிச்சமாகும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்று போனில் சொன்னாய். உன் எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் மதிப்பீடு போட்டே பழகியவள் நான். பணத்துக்குப் போடுகிற அதே பொருள் பட்டியலை வைத்துக் கார்பனுக்கும் கணக்குப் போடலாம். போட்டுப் பார்த்தேன். பொறுமையாகப் படி.

வீடு ஆயிரம் சதுர அடி. அதே அளவில் புது கான்கிரீட் வீடு கட்டினால், நம் பக்கத்து வழக்கப்படி 400 மூட்டை சிமெண்ட், 4 டன் கம்பி, 15,000 செங்கல் ஆகும். சிமெண்டில்தான் பெரிய சுமை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது எரிகிற நிலக்கரியிலிருந்து வரும் புகை ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு, அந்தக் கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் கரியமில வாயு. சூடு ஏறினால் அது பிரிந்து வெளியே வந்துவிடும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது. சாதாரண சிமெண்ட் கிலோவுக்குச் சுமார் 0.9 கிலோ கரியமில வாயு; சாம்பல் கலந்த பிபிசி என்றால் 0.65 போல. இரண்டையும் கலந்து 0.75 என்று வைத்தால், 20 டன் சிமெண்டுக்கு 15 டன்.

கம்பிக்குக் கிலோவுக்கு 2.3 என்று எடுத்தேன், 9 டன் வருகிறது. நாட்டுச் சூளைச் செங்கல் ஒன்றுக்கு 0.6 கிலோ, அது ஒரு 9 டன். ஜல்லி, எம்-சாண்ட், டைல்ஸ், அலுமினிய ஜன்னல், பெயிண்ட், லாரி வாடகை ஓட்டம் எல்லாவற்றுக்கும் 5 டன். ஆக 38 டன். ஜே.சி.பி. வைத்து இடித்து, டிப்பரில் மண் அள்ளுவதற்கு 150 லிட்டர் டீசல் போனால்கூட லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் அரை டன்னைத் தாண்டாது. இடிப்பதுதான் பெரிய கேடு என்று பலர் நினைக்கிறார்கள். கேடு இடித்த இடத்தில் மறுபடி கட்டுவதில் இருக்கிறது.

இப்போது பழுது பார்க்கும் கணக்கு. கடக்காலும் கருங்கல் சுவரும் அப்படியே நிற்கும். முன்கூடத்து மெட்ராஸ் டெரஸ் தளமும் நிற்கும். தேக்குக் கட்டைகளுக்கு மேல் சாய்த்து அடுக்கிய சின்னச் செங்கல் அது, மேலே சுண்ணாம்புக் காரை மட்டும் புதுசாகப் போட வேண்டும். பின்னால் 1985-இல் போட்ட சமையலறைத் தளம் மட்டும் தப்பாது. அடியில் கான்கிரீட் பெயர்ந்து, கம்பி துருவேறிப் பருத்து வெளியே தெரிகிறது. அந்த 200 சதுர அடியை எடுத்துவிட்டுப் புதுத் தளம் போட வேண்டும். அதோடு குளியலறை, தரை, பூச்சு, ஜன்னல் மேல் லிண்டல் எல்லாம் சேர்த்து 70 மூட்டை சிமெண்ட், 600 கிலோ கம்பி, ஆயிரம் செங்கல். அதே விகிதத்தில் பெருக்கினால் 4.6 டன். இதரச் சாமான்களுக்கு 2 டன் போட்டால் ஆறரை டன் சொச்சம்.

வித்தியாசம் 31 டன். இது துல்லியமான எண் இல்லை. சிமெண்ட் எந்தக் கம்பெனி, கம்பி எந்த உலை என்பதைப் பொறுத்து மாறும். அதனால் எனக்கு எதிராகவே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். புது வீட்டுக் கணக்கில் முப்பது சதவீதம் குறைத்து, பழுதுக் கணக்கில் முப்பது சதவீதம் கூட்டினேன். அப்போதும் 18 டன் மிச்சம். இந்த மாதிரி ஆட்டிப் பார்த்தும் விடை மாறாவிட்டால்தான் நம்பலாம்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. தாத்தா காலத்தில் அந்தச் சுவருக்குச் செலவான கார்பனை நம் மிச்சமாகக் காட்டுவார்கள் சிலர். அது எப்போதோ காற்றில் கலந்துவிட்டது. இடித்தாலும் வைத்திருந்தாலும் திரும்பி வராது. இனிமேல் வெளியாகப் போவதை மட்டும் எண்ண வேண்டும்.

சரி, உன் மின்சார வாதத்துக்கு வருகிறேன். புது வீட்டில் வருடம் ஆயிரம் யூனிட் குறையும் என்றாய். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. அப்படியானால் வருடம் 0.7 டன் மிச்சம். கட்டும்போது கூடுதலாக விட்ட 31 டன்னை ஈடுகட்ட 44 வருடம் ஆகும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட யூனிட்டுக்கான எண் இறங்கும், வருடங்கள் இன்னும் நீளும். அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை செய்த ஆய்விலும், முப்பது சதவீதம் சிக்கனமான புதுக் கட்டடம் தன் கட்டுமானக் கடனை அடைக்க, கட்டடத்தின் வகையையும் ஊரின் தட்பவெப்பத்தையும் பொறுத்து, 10 முதல் 80 வருடம் ஆகும் என்றுதான் வந்தது.

இதில் இன்னொரு விஷயம். நீ ஒப்பிட்டது இன்றைய ஒழுகும் வீட்டோடு. பழுது பார்த்த வீட்டோடு ஒப்பிடு. மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதித்து, மேற்கு ஜன்னலுக்கு நிழல் கொடுத்து, பழைய மின்விசிறிகளை மாற்றினால் அந்த ஆயிரத்தில் எழுநூறு யூனிட் இங்கேயே குறையும் என்பது என் கணிப்பு. மீதி முந்நூறுக்காக 31 டன் செலவழித்தால் ஈடுகட்ட நூறு வருடத்துக்கு மேல் ஆகும். சோலார் தகடு எந்தக் கூரையிலும் உட்காரும், அதைப் புது வீட்டின் பெருமையில் எழுதாதே.

அப்புறம், மாடி கட்ட ஆசை என்று மருமகள் சொன்னாள். இந்தச் சுவர் மண் சாந்தில் கட்டிய கருங்கல் சுவர். அதன்மேல் கான்கிரீட் மாடியை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். உங்களுக்கு இரண்டாயிரம் சதுர அடி உண்மையிலேயே வேண்டுமென்றால், பின்னால் காலி மனையில் தேவையான அளவு மட்டும் சேர்த்துக் கட்டி, அந்தக் கார்பனையும் பழுதுக் கணக்கில் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஆயிரத்தை இரண்டாயிரத்தோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் ஏமாற்று.

இத்தனையும் சுவர் நிற்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. அதனால் மேஸ்திரியை அழைத்து வந்து சோதித்தேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் மூன்று பக்கச் சுவரும் நேராக இருக்கிறது, வயிறு தள்ளவில்லை. தேக்குக் கட்டைகளை, சுவருக்குள் போகும் முனையில்தான், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தோம். ஒன்று மட்டும் பொதபொதவென்று உள்ளே போனது, கரையான். அதை மாற்றிவிடலாம். வடக்குச் சுவர் மூலையில் சாய்வாக ஓடும் விரிசல்தான் எனக்குக் கவலை. அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு வைத்து, இரு முனையையும் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதியிருக்கிறோம். மழைக்காலத்தில் மண் ஈரமாகி ஊதும், கோடையில் சுருங்கும். இரண்டையும் தாண்டி கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், அடைத்துவிடலாம். உடைந்தால் கடக்கால் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். அந்த மூலையைத் தோண்டிப் பார்த்து, அடியில் தாங்கு கொடுக்கும் செலவைச் சேர்த்து மறுபடி கணக்குப் போடுவேன். அப்போது இடிப்பதே சரி என்று வந்தால் நானே உனக்குச் சொல்வேன். ஆனால் அப்போதும் கருங்கல்லையும் தேக்கையும் டிப்பரில் ஏற்ற விடமாட்டேன், புதுக் கடக்காலுக்கு அந்தக் கல்தான்.

அதுவரை அந்த காண்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. அவர் கொடுத்த கொட்டேஷனில் சிமெண்ட், கம்பி, செங்கல் அளவுகள் தனித்தனியாக இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. என் குத்துமதிப்பு எண்களை எடுத்துவிட்டு அவருடைய எண்களை வைத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா