கணக்க மூடுறதுக்கு முன்னாடி காரணத்த சொல்லுங்க: ஆன்லைன் சந்தை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விற்பனையாளர் பிரிவு நிர்வாகத்துக்கு,

வணக்கம். கையால தைக்கிற நோட்டுப் புத்தகம் விக்கிறவன் நான். என் கணக்க 19 நாள் முடக்கி வெச்சீங்க, அப்புறம் சரிபார்ப்பு முடிஞ்சிருச்சுன்னு ஒரே வரி மெயில் போட்டு திறந்து விட்டீங்க. எதை சரிபார்த்தீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. வேற யாரோட கணக்கோ நான் யூஸ் பண்ற அதே இன்டர்நெட்ல லாகின் ஆகியிருக்கலாம்னு மத்த விற்பனையாளர்கள் சொல்றாங்க, அதுவும் ஊகம்தான்.

பணம் நின்னது கஷ்டம்தான், ஆனா என்னால இன்னும் மறக்க முடியாதது வேற. அன்னைக்கு காலைல 14 பார்சல் பேக் பண்ணி லேபிள் ஒட்டி வெச்சிருந்தேன். அதுல ஒண்ணு ஒரு அம்மா அவங்க பொண்ணுக்காக ஆர்டர் பண்ணது, பிறந்தநாளுக்குள்ள வந்துரணும், முதல் பக்கத்துல பேர் எழுதித் தாங்கன்னு கேட்டிருந்தாங்க, எழுதியும் வெச்சுட்டேன். லேபிள் செல்லாதுன்னு ஆயிருச்சு, மெசேஜ் பெட்டி பூட்டிருச்சு, வாங்குறவங்க நம்பர நீங்க எங்களுக்கு காட்டுறதில்ல. "மன்னிச்சுக்கங்கம்மா, வராது, வேற ஏதாவது வாங்கிக்கங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு வழியில்ல. அவங்க என்னை ஏமாத்துக்காரன்னுதானே நினைச்சிருப்பாங்க?

அதனால கேக்குறேன், கணக்க மூடுறதுக்கு முன்னாடி காரணத்த எழுத்துல குடுங்க, அவகாசம் குடுங்க. இது நடக்காத காரியம் இல்ல. ஐரோப்பிய யூனியன்ல 2020 ஜூலைல இருந்து இதுக்கு சட்டமே அமல்ல இருக்கு. கணக்க முழுசா மூடுறதா இருந்தா பொதுவா 30 நாளுக்கு முன்னாடியே காரணம் சொல்லணும், தற்காலிகமா முடக்குனா கூட முடக்குற நேரத்துக்குள்ள காரணம் போய் சேரணும். அங்க முடியும்னா இங்கயும் முடியும்.

இன்னொரு வருத்தமும் இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு நீங்க நடத்துற பயிற்சி வகுப்புல, தேடல்ல எது மேல வருதோ அந்தப் பொருள எடுங்கன்னு மட்டும்தான் சொல்லித் தர்றீங்க. நானும் அப்படித்தான் எடுத்தேன். முடங்கின பிறகு ஒரு மாச கணக்க உக்காந்து பார்த்தேன், 100 ஆர்டர்ல 78 உங்க தளத்துல வந்தது, 22 என் சொந்த வெப்சைட்ல வந்தது. சரி 22 இருக்கேன்னு தைரியமா இருந்தா, அந்த 22ல 17 பேர் முதல் தடவ என்னைப் பார்த்ததே உங்க தளத்துல காசு கட்டி போட்ட விளம்பரத்துலதான். பணம் எங்க கட்டுனாங்கன்னு எண்ணுனது என் தப்பு, முதல்ல எங்க பார்த்தாங்கன்னு எண்ணியிருக்கணும். அப்படி எண்ணுனா உங்க வழியா வராதது வெறும் 5.

இப்போ புது ஐடியா எதுவா இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கறேன்: உங்க தேடல் பெட்டி இல்லன்னா இத ஒருத்தர் எப்படி தேடி வருவாங்க? படம் போட்ட அட்டை நோட்டு ஒரு ஐடியா. நல்லா ஓடும், ஆனா வாங்குறவங்களுக்கு என் பேர் ஞாபகம் இருக்காது, அடுத்த தடவ உங்க தேடல்ல முதல்ல வர்றத வாங்கிட்டு போயிருவாங்க. இன்னொண்ணு, உள்தாள மட்டும் மாத்திக்கிற அட்டை. விக்கிறது மெதுவாதான், ஆனா தாள் தீர்ந்தா அந்த அளவுக்கு துளை போட்ட தாளுக்கு எங்கிட்டயே திரும்ப வருவாங்க. மூணாவது, பயிற்சி நடத்துறவங்களுக்கு அவங்க பாடத்துக்கு ஏத்த மாதிரி மொத்தமா அச்சடிச்சு குடுக்கறது. இதுல நேரா மெயில்ல பேசி, ஃபோன்ல பேசி ஆர்டர் எடுக்கறேன், அவங்க நம்பர் என் நோட்டுல இருக்கு. தேடல் அளவ மட்டும் பார்த்தா முதலாவதுதான் ஜெயிக்கும். நான் மத்த ரெண்டையும் எடுத்திருக்கேன்.

இப்படி சொன்னதால உங்க வாடிக்கையாளர வெளிய இழுக்குறேன்னு நினைச்சுராதீங்க. பார்சலுக்குள்ள என் வெப்சைட் அட்டைய வெக்கிறது உங்க விதிக்கு விரோதம்னு தெரியும், அத நான் செய்யல, செஞ்சா அதுக்கே கணக்கு போயிரும். வெளிய எனக்குன்னு தனியா ஆள் சேர்க்குறேன், அவ்வளவுதான். புது ஆளுங்கள கொண்டு வர்றதுல உங்க தளம் இன்னும் எனக்கு வேணும், அதனாலதான் விட்டுட்டுப் போகாம இந்த மடல எழுதுறேன்.

தயவு செஞ்சு இத பண்ணுங்க. முடக்குறதுக்கு முன்னாடி காரணம் எழுதி அனுப்புங்க, அத விளக்கிக் கேட்க ஒரு மனுஷரோட தொடர்பு குடுங்க. அப்புறம், எவ்வளவு முடக்குனாலும் ஏற்கனவே பணம் கட்டுனவங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்புற வழிய மட்டும் திறந்து வைங்க. பேர் எழுதின அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில இருக்கு. அந்த அம்மாகிட்ட அத சேர்க்க நீங்க உதவி பண்ண முடியும்னா, ஆர்டர் நம்பர அனுப்பத் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
உங்க தளத்துல விக்கிற ஒருத்தன்